கேக்குக்கு என்ன விலை சொல்ல? (குடும்பக் குழு)

தர்சி: சனிக்கிழமை பிறந்தநாளுக்கு 2 கிலோ பட்டர் கேக் கேட்டிருக்கினம். கிலோ 1,800 எண்டு சொல்லட்டோ? இண்டைக்கே சொல்லோணும்.

பெரியம்மா: பட்டர், சீனி, மா மூண்டும் 500 கிராம். முட்டை பத்து. வேறொண்டுமில்லை பிள்ளை.

தர்சி: செய்முறை இல்லை பெரியம்மா, விலை 🙏

அண்ணா: சாமான் காசை ரெண்டால பெருக்கு. அவ்வளவுதான்.

கொக்குவில் மாமி: தர்சி, பெரியம்மா சொன்ன அளவையே எடு. மாக்கலவை 2 கிலோ வரும். வேகேக்க ஈரம் போய் 1.8 ஆகும். மேல்ப்பொங்கலைச் சமனா வெட்டினா 1.65தான் விக்கலாம். செலவை 2ஆல பிரிச்சாய் எண்டா அங்கதான் நட்டம்.

தர்சி: அப்ப இந்த ஓடருக்கு 500 பட்டர் காணாதோ?

கொக்குவில் மாமி: மூண்டும் 600 போடு. முட்டை 12.

பெரியம்மா: திருநெல்வேலிச் சந்தையில முட்டை பாத்து வாங்கு. போனமுறை ரெண்டு கூழ்.

கொக்குவில் மாமி: அதுவும் செலவுதான். 500 கணக்குக்கு நீ அனுப்பின பில்லின்படி சாமான் 2,200.

அண்ணா: காஸ்?

கொக்குவில் மாமி: சிலிண்டரை நிறு. ஒரு கேக்குக்கு மட்டும் நிறுத்தாத் தராசில வித்தியாசம் சரியாத் தெரியாது. அஞ்சு கேக்குக்கு முன்னும் பின்னும் நிறுத்து அஞ்சால பிரி. வெறும் ஓவன் சூடாக்கிற நேரமும் அதுக்குள்ள வந்திடும். ஒண்டுக்கு 300 கிராம் எண்டா, 12.5 கிலோ சிலிண்டர் 3,700 எண்டு வைச்சா கிட்டத்தட்ட 90 ரூபா. ரெண்டு தட்டு ஒண்டா வைச்சா பாதி.

தர்சி: காஸ்தான் பெருஞ்செலவு எண்டு நினைச்சிருந்தன்.

கொக்குவில் மாமி: இல்லை, கைவேலை. வேகிற நேரத்தை விடு. பட்டர் அடிக்கிறது, தாள் வெட்டுறது, ஏனம் கழுவுறது, பெட்டி கட்டுறது ரெண்டரை மணித்தியாலம். மணிக்கு 300 போட்டா 750. மொத்தம் 3,040. இருபதில ஒண்டு அமுங்கிப் போகும், அல்லது எடுக்க வரமாட்டினம். அதனால 0.95ஆல பிரி, 3,200. அதை 1.65ஆல பிரிச்சா கிலோ 1,940. பெட்டி, போட், ரிபன் கிலோவுக்கு 220. மொத்தம் கிலோ 2,160.

கனடா சித்தப்பா: இஞ்ச ஒரு கேக் 60 டொலர்!

அண்ணா: என்ர கணக்கில 4,400, ரெண்டால பிரிச்சா 2,200. சரிதானே?

கொக்குவில் மாமி: பட்டர் விலை கூட எண்டதால முதலுக்குக் கிட்ட வந்திட்டுது, இலாபம் இல்லை. ஐசிங் போட்ட ஸ்பொஞ்சுக்கு சாமான் 900, வேலை நாலு மணித்தியாலம் எண்டு வை. ரெண்டால பெருக்கி 1,800 வாங்கினா கூலியே முழுசாக் கிடையாது.

தர்சி: வெட்டின துண்டை கேக் உருண்டையா விக்கலாமோ?

கொக்குவில் மாமி: வித்த காசை மட்டும் கழி. வீட்டில தின்னுறதைக் கழிக்காதை.

பெரியம்மா: ஆருக்கு இந்தக் கேக்?

தர்சி: சின்னக்கா வீட்டுக்கு.

அண்ணா: போனமுறைக் காசு வந்ததோ?

பெரியம்மா: இஞ்ச அந்தக் கதை வேண்டாம்.

அண்ணா: 2,500 சொல்லு. பாதி முதலே வாங்கு.

தர்சி: முதலில ஐசிங் வேணுமோ எண்டு கேக்கிறன். மாமி, பின்னேரம் வந்து சிலிண்டர் நிறுக்கத் தராசு தருவியளோ?

கொக்குவில் மாமி: 4 மணிக்குப் பிறகு வா.