ஃப்ளஷோமீட்டர்: மானியா, மடையா, வால்வா?

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கழிப்பறை அத்தியாயத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். தொட்டியே இல்லாமல் சுவரிலிருந்து வரும் குழாயில் ஒரு குரோமியக் குமிழும் பக்கவாட்டில் கைப்பிடியும் இருக்குமே, அதை ஃப்ளஷோமீட்டர் என்கிறார்கள். ‘அலசுமானி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வெப்பமானி, மழைமானி வரிசையில் பொருந்துகிறது. சரிதானா?

பிரபு:

அலசுமானி நன்றாக இருக்கிறது. எத்தனை முறை ஃப்ளஷ் ஆனது, எவ்வளவு தண்ணீர் போனது என்று கணக்குக் காட்டும் கருவி என்பது பெயரிலேயே தெரிகிறது.

மாசிலாமணி:

பிரபு தம்பி சொன்னதுதான் அந்தப் பெயரில் உள்ள சிக்கல். அது எதையும் கணக்குக் காட்டாது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. சிகாகோவில் வில்லியம் ஸ்லோன் 1906-ல் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கோடு பரவிய பெயர் இது. அதில் வரும் மீட்டருக்கு ‘அளந்து விடுவது’ என்று பொருள். ரேஷன் கடையில் எண்ணெய் அளந்து ஊற்றுகிறார்களே, அந்த அளத்தல். நம் ‘மானி’ அளந்து சொல்லும், அளந்து ஊற்றாது.

உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கலாம். குமிழைத் திறந்தால் உள்ளங்கை அளவில் ஒரு ரப்பர் தட்டு இருக்கும். அதற்கு மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. இரண்டிலும் லைன் அழுத்தம்தான். ஆனால் மேலே அழுத்தம் படும் பரப்பு அதிகம், அதனால் தட்டு அமுங்கி மூடியே கிடக்கும். கைப்பிடியைத் தட்டினால் நடுவில் உள்ள சிறு தண்டு சாய்ந்து மேலறைத் தண்ணீரை வெளியே விட்டுவிடும். உடனே கீழிருக்கும் அழுத்தம் தட்டைத் தூக்கும், தண்ணீர் கிண்ணத்துக்குப் பாயும். தட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியே மேலறை மெதுவாக நிரம்பி, நிரம்பியதும் தட்டை மறுபடி அமுக்கிவிடும். அந்தத் துளைதான் அளக்கிறது. அது அடைத்தால் வால்வு மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், தேய்ந்து பெரிதானால் சட்டென்று மூடி அரைகுறையாக ஃப்ளஷ் ஆகும்.

பேரா. இளவழகன்:

‘கழுவு’ என்று தொடங்கும் சொல் எதுவும் வேண்டாம். கழிப்பறையில் ‘கழுவி’ என்றால் தமிழனுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ‘அலசு’ துணிக்குரியது. தண்ணீரை ஒரே வீச்சில் திறந்துவிட்டு மூடும் கதவுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: மடை. ஆகவே ‘அளவுமடை’. இரண்டே சொல், ஏரிப்பாசனம் தெரிந்த எவருக்கும் புரியும்.

ஹமீது:

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் விடுதியில் இதே சாமான்தான் போட்டிருக்கிறோம். மூன்று மாடி, மொட்டைமாடியில் சின்டெக்ஸ். தரைத்தளத்தில் சுமாராக ஓடுகிறது. மேல்தளத்தில் ஒருவர் தட்டினால் மூடுவதே இல்லை, டேங்க் காலியாகும்வரை ஓடுகிறது. வாட்டர் மீட்டர் போட்டால் எங்கே வீணாகிறது என்று தெரியும் என்றார்கள். நீங்கள் பேசுவது அந்த மீட்டரா?

பிரபு:

ஹமீது, அழுத்தம் பற்றவில்லை. குழாயைச் சின்னதாக மாற்றிப் பாருங்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் வேகமாகப் பீச்சுகிறதே, அதே தத்துவம். ஒரு இஞ்ச் இருந்தால் முக்கால் போடுங்கள்.

மாசிலாமணி:

ஹமீது, தயவுசெய்து குழாயைச் சிறிதாக்காதீர்கள். அழுத்தம் பற்றவில்லை என்பதில் பிரபு சரி, மருந்துதான் தலைகீழ். விரல் வைத்தால் வேகம் கூடும், ஆனால் நிமிடத்துக்கு வரும் தண்ணீர் குறையும். இந்த வால்வுக்கு வேண்டியதே நிறையத் தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்க வால்வில் உச்ச ஓட்டம் நிமிடத்துக்கு 25 கேலன், அதாவது சுமார் 95 லிட்டர். ஒரு ஃப்ளஷுக்குப் போவது 6 லிட்டர்தான், நான்கு வினாடி வேலை. தொட்டி வைத்த கழிப்பறையிலும் இதே 6 லிட்டர்தான், ஆனால் தொட்டி அதை முன்கூட்டியே மெதுவாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால் அதற்கு அரை இஞ்ச் குழாய் தாராளம். இதற்குச் சேமிப்பு கிடையாது, அந்த நான்கு வினாடியும் லைனே நேரடியாகக் கொடுத்தாக வேண்டும். அங்கே விதிநூல் ஒரு இஞ்ச் குழாய்க்குக் குறையக் கூடாது என்கிறது.

தளத்தில் நிற்கும் அழுத்தம் 45 பிஎஸ்ஐ, அதாவது 31.6 மீட்டர் தண்ணீர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். வால்வு வரை தாமிரக் குழாய், வளைவுகளையும் சேர்த்து 15 மீட்டர் நீளம். ஒரு இஞ்சில் 95 லிட்டர் ஓடினால் உராய்வில் ஏறக்குறைய 5.8 மீட்டர் போகும். மிச்சம் 25.8, அதாவது 37 பிஎஸ்ஐ. விதிநூல் கேட்கும் 35-ஐ மயிரிழையில் தாண்டுகிறது. அதே ஓட்டத்தை முக்கால் இஞ்சில் தள்ளினால் 21 மீட்டர் உராய்வுக்கே போய்விடும், மிச்சம் 15 பிஎஸ்ஐ. நடைமுறையில் அவ்வளவு ஓட்டம் வரவே வராது. கிண்ணத்தில் தண்ணீர் சுழலும், எதையும் இழுத்துக்கொண்டு போகாது.

அந்த ஒரு இஞ்சிலேயே இரண்டு பேர் சேர்ந்து தட்டினாலும் இதே கதி. ஓட்டம் இரட்டித்தால் உராய்வு மூன்றரை மடங்குக்கு மேல் போகும், மறுபடி 21 மீட்டர். ஆகவே ஒரு இஞ்ச் என்பது ஒரு வால்வுக்கான கடைசிக் கிளைக்கு மட்டும். வரிசையாகப் பல கழிப்பறை இருந்தால் அவற்றுக்கு வரும் கிளை ஒன்றரை, இரண்டு என்று ஏற வேண்டும். ஒன்றரையில் இருவர் சேர்ந்து தட்டினாலும் 3.2 மீட்டர்தான் போகும்.

கயல்விழி:

கையேட்டில் இரண்டு அழுத்தம் வருகிறது, இரண்டையும் ‘நீரழுத்தம்’ என்று ஒன்றாகவே எழுதிவிட்டேன். அந்த 35 எந்த அழுத்தம்?

மாசிலாமணி:

நல்லவேளை கேட்டீர்கள் அம்மா. 35 என்பது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வு வாயில் இருக்க வேண்டியது. சில கிண்ணங்களுக்கு 25 போதும் என்று தயாரிப்பாளர் தாளிலேயே போட்டிருக்கும். உச்சவரம்பான 80, எல்லாம் மூடியிருக்கும்போது பார்ப்பது. அதைத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும். ‘ஓடும் அழுத்தம்’, ‘நிற்கும் அழுத்தம்’ என்று பிரித்து எழுதுங்கள், பிளம்பருக்கும் விளங்கும். இரண்டையும் ஒன்றாக்கினால், கேஜில் 40 காட்டுகிறது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஹமீது, உங்கள் கட்டடத்தில் மேல்தளத்துக்குக் கிடைக்கும் உயரம் மூன்று நான்கு மீட்டர் இருக்குமா? இந்த வகைக்கு 35 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 25 மீட்டர். மேலறையை நிரப்பித் தட்டை அமுக்கவே அந்த அழுத்தம் போதாது, அதனால்தான் மூடவில்லை. அடுத்த முறை அப்படி ஓடினால் அந்தத் தளத்தில் உள்ள எல்லா வால்வுகளின் ஸ்டாப்பையும் அடையுங்கள். அழுத்தம் ஏறிய பிறகு ஒவ்வொன்றாகத் திறங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தால், ஒன்று ஓட ஆரம்பித்ததும் அழுத்தம் விழும், அது விழுந்ததால் மற்றதும் மூடாது.

ஹமீது:

இரண்டரை மீட்டர்தான் இருக்கும் ஐயா. ஆனால் கடையில் ‘ஃப்ளஷ் வால்வு’ என்று கேட்டுத்தான் வாங்கினோம். போன மாதம் இதே பேரில் கேட்டதற்குத் தொட்டிக்குள் போடும் ரப்பர் மூடியைக் கொடுத்தார்கள்.

கயல்விழி:

இதற்காகத்தான் தமிழில் தனிப்பெயர் வேண்டும் என்கிறேன். ‘ஃப்ளஷ் வால்வு’ இரண்டுக்கும் ஓடுகிறது. ஒன்றுக்கு அரை இஞ்ச் போதும், இன்னொன்றுக்கு ஒரு இஞ்சுக்குக் குறையக் கூடாது. அலசுமானியை வாபஸ் வாங்குகிறேன். பேராசிரியர் ஐயாவின் அளவுமடையை எடுத்துக்கொள்ளலாமா?

மாசிலாமணி:

அளவுமடை காதுக்கு இனிமை. எனக்கு ஒரே நெருடல்: மடை என்றால் அதற்குப் பின்னால் ஏரி நிற்கிறது. இங்கே ஏரி கிடையாது, அதுதான் இந்தச் சாமானின் குணமே. படிக்கிறவர் பின்னால் ஏதோ தொட்டி இருக்கிறது என்று நினைத்துவிட்டால் குழாய் அளவிலேயே தவறுவார். ‘நேர்ப்பாய்ச்சு வால்வு’ என்று வைக்கலாம். லைனிலிருந்து நேராகப் பாய்கிறது என்பது பெயரிலேயே வந்துவிடும். வால்வை வால்வாகவே விடுங்கள். அடைப்பிதழ் என்று எழுதினால் இருதய ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது.

பேரா. இளவழகன்:

ஆற்றுக் கால்வாயிலும் மடை உண்டு ஐயா, அதற்குப் பின்னால் ஏரி இல்லை. மேலும் உங்கள் சொல்லில் தானாக மூடுவதும் இல்லை, அளந்து விடுவதும் இல்லை. ஒரு சாதாரணக் குழாயைக்கூட நேர்ப்பாய்ச்சு வால்வு எனலாமே. என் ஓட்டு மடைக்குத்தான்.

பிரபு:

குழாய் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். பம்ப் வைத்து அழுத்தத்தை ஏற்றினால் ஹமீது நான் சொன்ன முக்கால் இஞ்சையே போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

மாசிலாமணி:

காகிதத்தில் முடியும். ஆனால் முக்கால் இஞ்சில் தண்ணீர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும், நான்கு வினாடியில் வால்வு மூடும்போது குழாய் சுத்தியலால் அடித்தது போல் அதிரும். ஒரு இஞ்சிலேயே வேகம் 3-ஐத் தொடுகிறது, எனக்கு அதுவே அதிகம்தான். பம்ப் வைத்தாலும் அழுத்தக் கலம் பக்கத்தில் வேண்டும், ஓட்டத்துக்கு ஏற்ற கிளைக் குழாயும் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் குறைந்த அழுத்தத்துக்கென்று 32, 40 மில்லிமீட்டர் வாயோடு தனி வால்வுகளும் நம் ஊரில் விற்கிறார்கள். அதிலும் இரண்டரை மீட்டர் போதுமா என்று அந்தந்தத் தாளைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். மேல்தளத்துக்கு மட்டும் என்றால் தொட்டிதான் மலிவு.

ஹமீது:

கேஜ் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் மூடியிருக்கும்போது 3.5 பிஎஸ்ஐ. பக்கத்துக் கழிப்பறையைத் தட்டினால் முள் பூஜ்யத்துக்கு ஒட்டி வந்துவிடுகிறது. மேல்தளத்துக்குத் தொட்டியே சொல்லிவிட்டேன். கீழே என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

கயல்விழி:

முதல் இடத்தில் ‘ஃப்ளஷோமீட்டர் எனும் நேர்ப்பாய்ச்சு வால்வு’ என்று எழுதிவிட்டு, பிறகு நேர்ப்பாய்ச்சு வால்வு என்றே தொடர்கிறேன். அளவுமடையைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகப் போடுகிறேன். அந்த ஊசிமுனைத் துளைக்கு இன்னும் பெயர் இல்லை. ‘அளவுத்துளை’ போதுமா?

பேரா. இளவழகன்:

போதும். அளப்பது அதுதானே.