பொருள்: சாங்கி வரைபடத்துக்குத் தமிழில் ஒரு சொல்

மலர்விழி எழுதியது:

வணக்கம். ஆட்சேர்ப்பில் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் கழன்றுகொள்கிறார்கள் என்று காட்ட ஒரு ஸ்லைடு செய்துகொண்டிருக்கிறேன். இடப்பக்கம் விண்ணப்பங்கள், வலப்பக்கம் பணியில் சேர்ந்தவர்கள், நடுவே தடித்தும் மெலிந்தும் ஓடும் நாடாக்கள். சாங்கி வரைபடம் என்கிறார்கள். கூடவே ஒரு தமிழ்க் கையேடும் எழுத வேண்டும், அதனால் கேட்கிறேன்: 'பாய்வுப்படம்' என்று சொல்லிவிடலாமா?

கதிரேசன் எழுதியது:

பாய்வுப்படம் வேண்டாம், அது 'ஆம், இல்லை' என்று கேள்வி கேட்டுப் பிரியும் கட்டங்களுக்குப் பழகிப்போன சொல். இங்கே வித்தியாசம் அம்பின் தடிமன்தான். எனவே 'பட்டைப்படம்' பொருந்தும். வரைவதும் சுலபம். வழக்கம்போலப் பெட்டிகளை இணைத்துவிட்டு, நிறைய பேர் போகும் கோட்டை 20 பாயிண்ட், குறைவாகப் போவதை 5 பாயிண்ட் என்று தடிமனாக்கிக்கொள்ளுங்கள்.

இராமநாதன் எழுதியது:

தடிமன்தான் வித்தியாசம் என்பதில் கதிரேசனோடு உடன்படுகிறேன். ஆனால் பட்டை விளக்கப்படம் என்று வேறொன்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, குழப்பம் வரும். கோட்டுத் தடிமன் யோசனையும் நடக்காது. பவர்பாயிண்டில் இணைப்புக் கோடு பெட்டியின் பக்கத்தில் நடுப்புள்ளியில்தான் ஒட்டும். ஒரே பெட்டியிலிருந்து மூன்று கோடுகள் கிளம்பினால் மூன்றும் அந்த ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். சாங்கியில் அவை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்க வேண்டும், அந்த அடுக்கின் மொத்த உயரம் பெட்டியின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1898இல் கேப்டன் சாங்கி நீராவி இயந்திரத்தில் வெப்பம் எங்கெங்கே போகிறது என்று வரைந்தபோதும் இதே கணக்குதான்: உள்ளே வந்த வெப்பமெல்லாம் எங்காவது வெளியேறியே ஆக வேண்டும்.

மலர்விழி, உங்கள் எண்களைத் தாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

மலர்விழி எழுதியது:

240 விண்ணப்பங்கள். 72 எழுத்துத் தேர்வுக்கு, 150 நிராகரிப்பு, 18 பதிலே இல்லை. தேர்விலிருந்து 24 நேர்காணலுக்கு, 40 தோல்வி, 8 விலகல். நேர்காணலில் 6 பேருக்கு வேலை கொடுத்தார்கள், 18 பேருக்கு இல்லை. ஆறில் 5 பேர் சேர்ந்தார்கள்.

இராமநாதன் எழுதியது:

சரி, முதலில் அளவுகோல். அகலத்திரை ஸ்லைடின் உயரம் 19.05 செ.மீ. தலைப்பு, ஓரங்கள் எல்லாம் போக 14 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நெடுவரிசையில் மூன்று பெட்டிகள் நிற்பதால் இடையே இரண்டு இடைவெளிகள் விட வேண்டும். அதையும் கழித்துவிட்டு 240க்கு 12 செ.மீ. எடுத்துக்கொள்ளலாம். ஆக ஒருவருக்கு அரை மில்லிமீட்டர். எழுத்துத் தேர்வு 3.6, நிராகரிப்பு 7.5, பதிலில்லை 0.9. கூட்டினால் 12 வருகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் இந்தக் கூட்டலைச் செய்து பாருங்கள், உதைத்தால் தரவில்தான் கோளாறு.

அடுத்தது வரிசை. தொடர்ந்து முன்னேறுகிறவர்களை மேலே நேராக ஓடவிடுங்கள், கழன்றவர்களைக் கீழே வளையவிடுங்கள். ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் அடுக்கு வரிசையும் அவை போய்ச் சேரும் பெட்டிகளின் மேல்கீழ் வரிசையும் ஒன்றாக இருந்தால் நாடாக்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளாது.

கையால் வரைந்தால் ஒரு பொறி உண்டு. மேல் வளைவை நகலெடுத்து அப்படியே கீழே இறக்கி நாடாவை மூடுவோம் இல்லையா? இரு முனைகளிலும் உயரம் சரியாக இருக்கும், ஆனால் சரிவான இடத்தில் நாடா மெலிந்து தெரியும். பார்ப்பவர் நடுவழியில் ஆட்கள் குறைந்துவிட்டதாக நினைப்பார். நெடுவரிசைகளைத் தள்ளி வைத்தால் சரிவு குறையும், மெலிவும் குறையும்.

இவ்வளவு பொறுமை இல்லையென்றால் SankeyMATIC தளத்தில் இப்படி வரிகளாக எழுதலாம்:

```
விண்ணப்பம் [72] தேர்வு
விண்ணப்பம் [150] நிராகரிப்பு
விண்ணப்பம் [18] பதிலில்லை
தேர்வு [24] நேர்காணல்
```

SVG ஆக இறக்கி ஸ்லைடில் செருகி, வடிவங்களாக மாற்றிக்கொண்டால் நிறத்தை அங்கேயே திருத்தலாம். நிறத்தைப் பற்றி என் கருத்து ஒன்றுதான். எல்லா நாடாக்களும் சாம்பல், பேச வேண்டிய ஒன்று மட்டும் வண்ணம்.

செல்வம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் அறக்கட்டளையின் வரவு செலவை இப்படி வரைந்தேன். இடப்பக்கம் நன்கொடைகள் 100 என்றால் வலப்பக்கம் செலவுகள் 88தான் வருகிறது. வலப்பக்கத்தை இழுத்து நீட்டிச் சமமாக்கிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு வேறு ஏதாவது பெயர் உண்டா?

இராமநாதன் எழுதியது:

பெயர் இருக்கட்டும், நீட்டியதை முதலில் பழையபடி ஆக்குங்கள். அந்த 12 எங்கே? வங்கியில் இருந்தால் வலப்பக்கம் 'இறுதி இருப்பு' என்று ஒரு பெட்டி வேண்டும். போன ஆண்டு மிச்சத்தையும் செலவழித்திருந்தால் இடப்பக்கம் 'தொடக்க இருப்பு' வேண்டும். பணப் படங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இரண்டும்தான். கொடுத்த முன்பணம் திரும்பி வந்திருந்தால் பின்னோக்கி நாடா வரையாதீர்கள், கழித்துவிட்டு நிகரத் தொகையைக் காட்டுங்கள். வட்டமடிக்கும் ஓட்டத்தைப் பல கருவிகள் ஏற்பதே இல்லை.

மலர்விழி எழுதியது:

இரண்டு சந்தேகங்கள். கடைசியில் சேர்ந்த 5 பேர் வெறும் கால் சென்டிமீட்டர், வராத ஒருவர் மயிரிழை. கடைசிக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கலாமா? இன்னொன்று, சிலர் இரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். 240 என்பது விண்ணப்பங்கள். நேர்காணலில் இருக்கும் 24 என்பதோ ஆட்கள்.

இராமநாதன் எழுதியது:

ஒரே படத்தில் இரண்டு அளவுகோல் கூடவே கூடாது. தேர்வெழுதிய 72ஐ முழு உயரமாக வைத்து இரண்டாவது ஸ்லைடு போடுங்கள். அதில் ஐந்து பேரும் கண்ணுக்குத் தெரிவார்கள்.

இரண்டாவது சந்தேகம்தான் பெரிய விஷயம். விண்ணப்பமாகத் தொடங்கி ஆளாக முடிந்தால் நாடாவின் தடிமனுக்கு அர்த்தமே இல்லை. கூட்டல் தற்செயலாகச் சரியாக வந்திருக்கலாம், அல்லது யாரோ எண்ணைத் தட்டிச் சரிசெய்திருக்கலாம். தொடக்கத்திலிருந்தே ஆட்களாக எண்ணிவிடுங்கள், 240 குறையும்.

சொல்லுக்கு வருகிறேன். தடிமன் என்பது அளவு என்று பெயரிலேயே தெரிய வேண்டும். 'ஓட்டளவுப் படம்'?

கதிரேசன் எழுதியது:

தேர்தல் முடிவு என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா. 'ஓடைப்படம்' எப்படி? சின்னதாக, வாயில் நிற்கிறது.

செல்வம் எழுதியது:

ஓடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் அலையலையாகப் பருத்து மெலியும் வேறொரு படத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படுமே? நாளிதழ் இணையதளங்களில் பார்த்திருக்கிறேன்.

இராமநாதன் எழுதியது:

நியாயம். சொற்களைத் திருப்பிப் போட்டால் 'அளவோட்டப் படம்'. பெட்டிக்குக் கணு, அவற்றை இணைப்பதற்கு நாடா.

கதிரேசன் எழுதியது:

அளவோட்டம் என்றால் எனக்கு 'அளவாக ஓடு' என்றுதான் கேட்கிறது. கணுவும் நாடாவும் சரி, அவற்றை எடுத்துக்கொள்வோம். ஓடையை நான் இன்னும் விடவில்லை.

மலர்விழி எழுதியது:

கையேட்டில் இப்போதைக்கு 'அளவோட்டப் படம்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'சாங்கி வரைபடம்' என்றும் சேர்க்கிறேன். ஆட்களாக எண்ணிப் பார்த்ததில் 240 என்பது 211 ஆகிவிட்டது. குறைந்த 29இல் எத்தனை நிராகரிப்பில் இருந்தவை, எத்தனை பதிலில்லாதவை என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஆள் இரண்டிலும் இருந்தால் எந்தக் கணுவில் போடுவது?