‘கம்பேஷன் ஃபெட்டீக்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல்விழி:
தன்னார்வ ஆலோசகர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். எல்லோரும் தேடி வந்து கொட்டித் தீர்க்கிற தோழி, அவளை யாரும் விசாரிக்காததால் உள்ளே வற்றிப்போகிற நிலை பற்றிய இயல் இது. ‘இரக்கச் சோர்வு’ என்று போட்டேன், ஒட்டவில்லை. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கிறது.

இளமாறன்:
‘மனச்சோர்வு’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

தங்கவேல்:
தம்பி, அது டிப்ரெஷனுக்கு நிலைத்துவிட்டது. ‘கம்பேஷன் ஃபெட்டீக்’ என்ற சொல்லை 1992இல் ஜாய்ன்சன் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது ஆண்டார். 1995இல் ஃபிக்லி விரித்தார். வேலைப்பளுவால் வரும் பர்ன்அவுட் வேறு, பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு வருவது வேறு. என் பரிந்துரை ‘பரிவயர்வு’. பரிதல் என்றால் அன்பு காட்டுதல், வருந்துதல் இரண்டும்தான். ‘பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்’ என்ற குறளில் ‘வருந்தியும் காக்க’ என்பதே உரை. நோயும் அதன் காரணமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

இளமாறன்:
ஐயா, சங்கப்பாட்டில் ‘விழவு அயர்தல்’ என்றால் விழாக் கொண்டாடுவது. பரிவைக் கொண்டாடுவதாகிவிடாதா? பரிவு குற்றியலுகரமும் இல்லை, அயர்வோடு சேரும்போது உகரம் எப்படிக் கெடும்?

தங்கவேல்:
‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று, முற்றியலுகரமும் சில இடங்களில் கெட நன்னூல் இடம் தருகிறதே. அயர்தலுக்குத் தளர்தல், மறத்தல் என்ற பொருள்களும் உண்டு. தன்னை மறந்து பிறரைக் கேட்பவளுக்கு அதுவும் பொருந்தும்.

நஸ்ரீன்:
இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று கேட்கிறீர்களோ என நினைத்துத்தான் படித்தேன். போன மாதம் ஒரு தோழி ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்து நாற்பது நிமிஷம் அழுதாள். அன்று காலையில்தான் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தேன், சொல்ல இடமே வரவில்லை. “உன்கிட்ட பேசினா லேசாயிடுது” என்று வைத்துவிட்டாள். இப்போது அவள் பெயர் திரையில் வந்தாலே கை நின்றுவிடுகிறது. அழைப்பு தானாக நின்றதும் ஒரு நிம்மதி, அடுத்த நொடியே குற்ற உணர்ச்சி. ‘பரிவயர்வு’ என்று எழுதியிருந்தால் அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்திருக்காது. களைப்பு என்றால் தெரியும்.

கயல்விழி:
நஸ்ரீன், உங்களுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். அப்புறம், பரிவு களைப்பதே இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. அடுத்தவர் வலியைத் தன் வலியாகவே அனுபவிப்பதுதான் ஆளைத் தேய்க்கிறது என்பார்கள் ஆய்வாளர்கள் சிங்கரும் கிளிமெக்கியும். அப்படியானால் ‘ஒத்துணர்வுக் களைப்பு’தான் சரி. ஆனால் நஸ்ரீன் சொல்கிற ஒருவழிப்பாதை இரண்டிலும் இல்லை.

இளமாறன்:
‘கேட்டுக் களைத்தல்’ என்று வினையாகவே வையுங்கள். கேட்டவள் இருக்கிறாள், கேட்கப்படாதவளும் கொஞ்சம் தெரிகிறாள்.

கயல்விழி:
அழகாக இருக்கிறது, தலைப்புக்கு ஆகாது. ஐயாவின் பரிவையும் நஸ்ரீனின் களைப்பையும் சேர்த்து ‘பரிவுக் களைப்பு’ என்றே போடுகிறேன். முதல் பத்தியில் ‘கேட்டுக் களைத்தல்’ வரும்.

தங்கவேல்:
போடுங்கள். என் வாக்கு பரிவயர்வுக்கே. களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும், இது போகாது.