புது லேஅவுட், குழி ரோடு, அடைச்ச சாக்கடை: ஊராட்சிக்கு எழுதுற மனுவில என்ன கேக்கணும்?

மேட்டுவீதி_கோவை
கோயம்புத்தூர் புறநகர்ல ஒரு கிராம ஊராட்சிக்குள்ள வர்ற லேஅவுட்ங்க எங்களது, டிடிசிபி அப்ரூவல் இருக்கு, ஒரு எழுபது குடும்பம் குடிவந்தாச்சு. ரோடு ஜல்லி பேந்து குழியா கெடக்குது, சாக்கடை அடைச்சுகிட்டு மழை பேஞ்சா மூணாவது வீதி முக்குல முட்டிக்கால் தண்ணி. எல்லாரும் கையெழுத்து போட்டு நாலு பக்கத்துக்கு மனு எழுதியிருக்கோம், கலெக்டர், எம்எல்ஏ, பிடிஓ எல்லாருக்கும் அனுப்பப் போறோம். வேற என்ன சேக்கணும்னு சொல்லுங்க.

ரோட்டுல_உக்காரு
மனுவெல்லாம் வேஸ்ட் பாஸ். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா அதுக்கு ஒரு நம்பர் போட்டு அதே பிடிஓவுக்குத்தான் திருப்பி அனுப்புவாங்க, அவங்க "நிதி நிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்"னு ஒரு வரி எழுதி முடிச்சிருவாங்க. எங்க ஏரியாவுல பஸ்ஸ மறிச்சு உக்காந்தோம், மறுநாளே ஜேசிபி வந்துச்சு.

வரிகட்டுறவன்
கிராம சபையில தீர்மானம் போடுங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இப்படி வருஷத்துக்கு ஆறு தடவ கூட்டணும். தீர்மானம் போட்டுட்டா அது சட்டம், செஞ்சே ஆகணும். வீட்டு வரி வாங்குறாங்கல்ல, அப்ப ரோடு போடுறது அவங்க கடமை.

அண்ணாநகர்_பிளாட்
எங்க அபார்ட்மெண்ட் வாசல்லயும் இதே பிரச்சனை, 1913-க்கு போன் பண்ணோம், வந்து அடைப்பு எடுத்துட்டாங்க. நீங்களும் ட்ரை பண்ணுங்க.

பழைய_ஓவர்சியர்
1913 சென்னை மாநகராட்சி நம்பர் தம்பி, இவங்க ஊராட்சி, அது இங்க உதவாது.

யூனியன் ஆபீஸ்ல ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், இந்த மாதிரி மனு கட்டுக்கட்டா பாத்திருக்கேன். நாலு பக்கத்துல ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, நாய், குப்பை எல்லாம் கலந்து வரும், படிக்கிற கிளார்க் எந்த பைல்ல வைக்கிறதுன்னு தெரியாம பொதுவா ஒரு பதில் அடிப்பாரு. முதல்ல பாக்க வேண்டியது அந்த ரோடு ஊராட்சி பேர்ல இருக்கான்னு. லேஅவுட் போட்டவர் ரோட்டையும் பார்க்கையும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைச்சிருக்கணும். அது நடக்கலன்னா ரெக்கார்டுல அது இன்னும் அவரோட பட்டா நிலம், அதுல ஊராட்சி பணத்த போட்டா ஆடிட்ல கேள்வி வரும், அதனால எஸ்டிமேட்டே எழுத மாட்டாங்க. இத உங்ககிட்ட வாய் திறந்து சொல்லவும் மாட்டாங்க.

tnreginet.gov.in-ல உங்க சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டு பாருங்க, பாக்குறதுக்கு காசு இல்ல. அப்ரூவல் வாங்குன வருஷத்துல இருந்து போடுங்க, வாங்குறவர் பேர்ல ஊராட்சின்னு ஒரு பத்திரம் இருந்தா அந்த நம்பர மனுவோட முதல் வரியில எழுதுங்க.

தீர்மானம் நல்லதுதான், அதையும் போடுங்க. ஆனா தீர்மானம் போட்டதும் பணம் வந்துராது, வருஷத் திட்டத்துல ஏறணும், எஸ்டிமேட் வரணும், நிர்வாக அனுமதி வரணும். உங்க பக்கம் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போச்சு, இப்ப பொறுப்புல யாரு இருக்காங்கன்னு கேட்டுட்டு மனுவ அவர் பேருக்கே எழுதுங்க.

வரிகட்டுறவன்
ஐயா ஒத்துக்க மாட்டேன். பிளான் அப்ரூவலுக்கு பணம் வாங்கும்போது, வீட்டு வரி போடும்போது அது யாரு நிலம்னு பாத்தாங்களா? பத்திரம் இல்லாத எத்தனையோ லேஅவுட்ல ரோடு போட்டிருக்காங்க, நானே காட்டுறேன்.

பழைய_ஓவர்சியர்
போட்டிருக்காங்க, இல்லன்னு சொல்லல. வரி வாங்குனா பொறுப்பு இருக்குன்னு நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா வரி ரசீது அந்த நிலத்த ஊராட்சிக்கு மாத்தி குடுக்காது. அப்படி போட்ட எடத்துல யாரோ ஒருத்தர் கையெழுத்து போட துணிஞ்சிருப்பாரு. அடுத்த ஆபீசரும் துணிவாருன்னு நம்பி எழுபது குடும்பம் காத்திருக்க முடியுமா?

மேட்டுவீதி_கோவை
ஐயா சொன்ன மாதிரி வில்லங்கம் பாத்தேன், ரோடு பார்க் ரெண்டும் ஒரே தானப் பத்திரத்துல ஊராட்சிக்கு போயிருக்குங்க, ரொம்ப நிம்மதி. ஆனா சாக்கடை பிரச்சனை வேற மாதிரி தெரியுது. மூணாவது வீதி சாக்கடை லேஅவுட்டோட கிழக்கு எல்லையில போய் நிக்குது, அதுக்கு அந்தப்பக்கம் இருந்த காட்டுக்காரர் கிராவல் கொட்டி மூணு அடி மேடாக்கிட்டாரு. முன்னாடி தண்ணி அந்த வழியாத்தான் போகும்னு பெரியவங்க சொல்றாங்க.

பழைய_ஓவர்சியர்
அப்ப தூர்வாரச் சொல்லி மனு குடுத்து பிரயோஜனம் இல்ல, வாருன மறுவாரமே நெறஞ்சிரும். கொத்தனார் வச்சிருக்கற ட்யூப் லெவல வாங்கி சாக்கடை ஆரம்பத்துலயும் கடைசியிலயும் தரைமட்டம் பாருங்க. நூறு மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம் இருந்தா தண்ணி தாராளமா ஓடும். இறக்கம் இருந்தும் நிக்குதுன்னா வாய் அடைச்சிருக்கு. இறக்கமே இல்லன்னா கட்டுனதே தப்பு. ரெண்டுக்கும் மனு வேற.

அப்புறம் eservices.tn.gov.in-ல அந்த காட்டு சர்வே நம்பருக்கு வரைபடமும் அ-பதிவேடும் எடுங்க. வாய்க்கால் புறம்போக்குன்னு தனி நம்பர் இருந்தா அத அளந்து காட்டி ஆக்கிரமிப்ப எடுக்கச் சொல்லி வட்டாட்சியருக்கு தனி மனு. ஊராட்சியில இத கேட்டா "வருவாய்த்துறை வேலை"னு சொல்லிருவாங்க, அது உண்மையும்கூட.

ஊராட்சிக்கு எழுதுறதுலயும் சாக்கடையும் ரோடும் ஒரே மனுவா வேண்டாம். மத்திய நிதிக்குழு மானியத்துல ஒரு பங்கு குடிநீர், சுகாதாரத்துக்குன்னே ஒதுக்குனது, கழிவுநீர் வடியற வேலைய அதுல கேக்கலாம், ரோட்ட கேக்க முடியாது. அதோட தண்ணி வடியாம மேல தார் போட்டா அடுத்த மழைக்கே பேந்துரும், அதனால வடிகால் முதல்ல, ரோடு பின்னாடின்னு மனுவுலயே எழுதுங்க. ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் போதும். எந்த வீதி, எத்தன மீட்டர், பத்திர நம்பர், என்ன கேக்குறோம், அவ்வளவுதான். கையெழுத்துத் தாள்லயும் மேல விஷயத்த ஒரு வரி எழுதுங்க, இல்லன்னா தாள் தனியா போயிரும். ஒப்புகை வாங்காம வீட்டுக்கு வராதீங்க.

ரோட்டுல_உக்காரு
காட்டுக்காரர் செல்வாக்கான ஆளா இருந்தா வட்டாட்சியர் அளக்க வருவாரா? அங்கதான் நான் சொன்னது வேணும்.

பழைய_ஓவர்சியர்
வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி மனு மேல என்ன நடவடிக்கைன்னு கேளுங்க, முப்பது நாள்ல பதில் குடுத்தாகணும். அந்த பதில கையில வச்சுகிட்டு நீங்க ரோட்டுல உக்காந்தா நானே வந்து உக்காருவேன். ஆனா உங்க ஏரியாவுக்கு வந்த ஜேசிபி என்ன செஞ்சுச்சு? தண்ணி இப்ப நிக்கலயா?

ரோட்டுல_உக்காரு
குழிக்கு மண்ணு கொட்டுனாங்க. தண்ணி நிக்கத்தான் செய்யுது.

மல்லிகா_திருப்பூர்
யாரும் பேசாத விஷயம் ஒண்ணு சொல்றேன். எங்க லேஅவுட்ல அடைப்புக்கு பாதி காரணம் நாங்களேதான். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கு முன்னாடியும் கார் ஏத்த சாக்கடை மேல கான்கிரீட் சாய்வு போட்டு மூடியிருக்காங்க, தூர்வார வந்த ஆளுக்கு மண்வெட்டி விடக்கூட எடமில்ல. நாலஞ்சு வீட்டுல செப்டிக் டேங்க் வழிஞ்சு போற பைப்பையும் மழைத்தண்ணி சாக்கடையில விட்டிருந்தாங்க, இன்ஜினியர் வந்து அத போட்டோ எடுத்துட்டு முதல்ல இத எடுங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு. நீங்க மனு குடுக்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டீங்களா?

மேட்டுவீதி_கோவை
சாய்வு இருக்குங்க, மூணாவது வீதியில பாதி வீட்டுல. கையெழுத்து போட்டதுல அவங்களும் இருக்காங்க.

வரிகட்டுறவன்
அத மனுவுல எழுதிராதீங்க, நம்ம ஆளுங்களே பிரிஞ்சு போயிருவாங்க. சாக்கடைய ஒழுங்கா ஸ்லாப் போட்டு குடுத்திருந்தா அவங்க ஏன் கான்கிரீட் கொட்டப் போறாங்க?

பழைய_ஓவர்சியர்
எழுத வேண்டாம், எடுத்துருங்க. கான்கிரீட்டுக்கு பதிலா தூக்கி வைக்கிற மாதிரி இரும்பு கிரில் போடுங்க, காரும் ஏறும், ஆளும் எறங்கி வாரலாம்.

மேட்டுவீதி_கோவை
கிரில் செலவ யாரு ஏத்துக்கறதுன்னு நேத்து பேச்சு எடுத்தேன், ரெண்டு வீட்டுக்காரங்க சரின்னாங்க, ஒருத்தர் கையெழுத்தையே வாபஸ் வாங்கிட்டாரு. வட்டாட்சியர் மனுவ மட்டும் வர்ற திங்கக்கிழமை குடுத்துடறோம், ஊராட்சி மனு இந்த சாய்வு பிரச்சனைக்கு ஒரு வழி பாத்துட்டுத்தான்.