ஓவன்ல ஒரு கேக் போட எவ்ளோ கரண்ட் ஆகுது? ப்ரீஹீட்லயே பாதி போகுதா?

மாவும்முட்டையும்:
வீட்லேர்ந்து கேக் ஆர்டர் எடுக்குறேன், மாசத்துக்கு ஒரு 25 கேக் போகும். 30 லிட்டர் ஓடிஜி, பின்னாடி 1500 வாட்ஸ்னு போட்டிருக்கு. இந்த தடவ இபி பில் போன தடவைய விட 90 யூனிட் கூட வந்திருக்கு, கேக் விலைல கரண்ட் செலவ சேத்தே ஆகணும். முதல்ல 180ல ஆன் பண்ணிட்டு அப்புறம்தான் வெண்ணெய் சீனி அடிக்க ஆரம்பிப்பேன், எல்லாம் சேத்து ஓவன் 1 மணி 17 நிமிஷம் ஓடுது. 1500 வாட்ஸால பெருக்கினா கிட்டத்தட்ட 2 யூனிட் வருது, ஒரு கேக்குக்கு இவ்ளோவா? ப்ரீஹீட்ட விட்டுட்டா பாதி மிச்சமாகுமா?

அடுப்படிராஜ்ஜியம்:
நான் ப்ரீஹீட்டே பண்றதில்லங்க, மாவ ஊத்தி அப்படியே உள்ள வச்சுதான் ஆன் பண்ணுவேன், நல்லாதான் வருது. ப்ரீஹீட் சுத்த வேஸ்ட், வெறும் காத்த சூடாக்குறோம், கதவ தொறந்தா அதும் போயிடுது.

பழையவயர்மேன்:
காத்துன்னு சொல்றது சரியில்லங்க. 30 லிட்டர் காத்து 40 கிராம்கூட இருக்காது, அத சூடாக்க ஆகுற கரண்ட் ஒண்ணுமே இல்ல. சூட்ட குடிக்கிறது உள்பக்க தகடு, கம்பி ரேக், ட்ரே எல்லாம்தான். அதனாலதான் கதவ டக்குனு தொறந்து மூடினாலும் கொஞ்ச நேரத்துல சூடு திரும்பிடுது.

தங்கச்சி, உங்க கணக்குல 1500 வாட்ஸ் முழு நேரமும் ஓடுதுன்னு வச்சுட்டீங்க, அதான் தப்பு. 180 வந்ததும் தெர்மோஸ்டாட் ராட அணைச்சிடும், சூடு குறைஞ்சதும் திரும்ப போடும். ஓவன் முன்னாடி இருக்குற லைட்ட நம்பாதீங்க, நிறைய ஓடிஜில அது டைமர் ஓடுற வரைக்கும் எரிஞ்சுட்டேதான் இருக்கும். ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு இபி மீட்டர்ல மினுக்குற சிவப்பு லைட்ட யாரையாவது பாக்க சொல்லுங்க. ராட் ஓடுறப்ப படபடன்னு அடிக்கும், அணைஞ்சதும் சட்டுனு மெதுவாயிடும். அடிக்கிற நிமிஷத்த மட்டும் எழுதிட்டு வாங்க.

கன்வெக்ஷன்காரி:
என்னோடது மைக்ரோவேவ் கன்வெக்ஷன், அதுல 5 நிமிஷத்துல பீப் அடிச்சிடும் ஆனா கேக் நடுவுல வேகாம இருக்கு, எதனால?

பழையவயர்மேன்:
அது வேற கேள்விம்மா, தனியா போடுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், காத்து சூடானதும் பீப் அடிச்சிடும், தகடு இன்னும் சூடாயிருக்காது. அடிச்சதுக்கு அப்புறம் ஒரு 5 நிமிஷம் விட்டு வச்சு பாருங்க.

மாவும்முட்டையும்:
அண்ணா, நேத்து மதியம் பண்ணேன், பையன மீட்டர் கிட்ட நோட்டோட நிக்க வச்சேன். ஆன் பண்ணதும் 11 நிமிஷம் விடாம அடிச்சுது. அதுக்கப்புறம் நான் மாவு கலக்கி முடிக்கிற வரைக்கும் 24 நிமிஷம் வெறும் ஓவன், அதுல 8 நிமிஷம் அடிச்சுது. கேக் உள்ள போனதுக்கப்புறம் 42 நிமிஷத்துல 18.

பழையவயர்மேன்:
அருமை. மொத்தம் 37 நிமிஷம், அதாவது 0.92 யூனிட், நீங்க நெனச்சதுல பாதிகூட இல்ல. பிரிச்சு பாத்தா ப்ரீஹீட் 0.27, கேக் வேக 0.45. நடுவுல வெறும் ஓவன் காத்துட்டிருந்ததுக்கு 0.2, சுத்தமா வேஸ்ட் அதான். அடிச்சு முடிச்சு மாவு கலக்க போறப்ப ஓவன ஆன் பண்ணுங்க, அந்த 0.2 மிச்சம். ரெண்டு ஆர்டர் இருந்தா ஒண்ண எடுத்த கையோட அடுத்தத வைங்க, ரெண்டாவதுக்கு 0.45தான் ஆகும். இது மதியக் கணக்கு. சாயங்காலம் வோல்டேஜ் 200க்கு இறங்குச்சுன்னா 1500 வாட்ஸ் ராட் 1130 வாட்ஸ்தான் இழுக்கும், ப்ரீஹீட் 11 நிமிஷத்துக்கு பதிலா 16, 17னு போகும். அதுக்குன்னு கரண்ட் மிச்சம்னு நெனச்சிடாதீங்க, மெதுவா சூடாகுற நேரம் பூரா வெளிய சூடு போயிட்டே இருக்கும்.

அடுப்படிராஜ்ஜியம்:
அப்ப என் முறைல அந்த 0.27ம் மிச்சம்தானே?

பழையவயர்மேன்:
இல்லங்க, தகடு எப்படியும் சூடாகணும். நீங்க அத கேக்க உள்ள வச்சுட்டு பண்றீங்க, அவ்ளோதான், கொஞ்சம்தான் குறையும்.

மாவும்முட்டையும்:
அக்கா, நானும் ஒரு தடவ அப்படி போட்டேன். ராட் 11 நிமிஷம் விடாம எரிஞ்சதுல மேல தோல் பிடிச்சு செவந்துடுச்சு, உள்ள இருந்து மாவு அத கிழிச்சுட்டு எரிமலை மாதிரி வந்துச்சு. கஸ்டமருக்கு அத குடுக்க முடியாது.

அடுப்படிராஜ்ஜியம்:
நான் மேல் ராட போடவே மாட்டேன், கீழ் ராட் மட்டும்தான். அதனால இருக்குமோ என்னவோ.

மாவும்முட்டையும்:
அதையும் ஒரு தடவ போட்டு பாக்குறேன் அக்கா. ஆனா அண்ணா, ரெண்டு மாசத்துக்கு 50 கேக்னா 46 யூனிட்தான் வருது. மீதி 44 எங்க போச்சு? க்ரீம் உருகக் கூடாதுன்னு ஐசிங் பண்றப்ப ஏசி போடுவேன், அதுவா?

பழையவயர்மேன்:
அதுவா இருக்கலாம். அடுத்த ஐசிங் அன்னிக்கு ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டர் ரீடிங்க எழுதிட்டு வாங்க.