உதவி தேவை: அண்ணி எழுதுன தேங்க்ஸ் லெட்டர தமிழ்ல மாத்தினேன், அம்மா மனசு நொந்துட்டாங்க

இளையவள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணிக்கு தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அண்ணிக்கு கால்ல ஆபரேஷன் ஆனப்போ அம்மா போய் 6 வாரம் கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க. திரும்பி வந்தப்புறம் அண்ணி கையால ஒரு லெட்டர் எழுதி அனுப்புனாங்க, நான்தான் தமிழ்ல மாத்தி எழுதிக் கொடுத்தேன். அம்மா ரெண்டு தடவ படிச்சாங்க, மடிச்சு வச்சாங்க, ஒண்ணும் பேசல. ராத்திரி படுக்கப் போறப்போ மெதுவா கேக்குறாங்க, "நான் அங்க இருந்தது அவளுக்குத் தொந்தரவா இருந்துச்சோ?"ன்னு. எனக்கு திக்குனு ஆயிடுச்சு. இங்கிலீஷ்ல அந்த லெட்டர் அவ்வளவு பாசமா இருந்துச்சு, படிச்சு நானே அழுதேன்.

நான் எழுதுனது இதான்:

"அன்புள்ள அத்தை அவர்களுக்கு, நீங்கள் செய்த அனைத்து உதவிகளையும் நான் மிகவும் பாராட்டுகிறேன். இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இது எனக்கு நிறைய அர்த்தம் கொடுத்தது. ஒருநாள் இந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவேன். மனமார்ந்த நன்றிகள்."

இங்கிலீஷ்ல இருந்தது (போன்ல தமிழ் கீபோர்டுதான் இருக்கு, அதனால அப்படியே அடிக்கிறேன்): "டியர் மாம், ஐ ரியலி அப்ரிஷியேட் எவ்ரிதிங் யூ டிட். யூ டிட்ன்ட் ஹேவ் டு டூ ஆல் திஸ். இட் மென்ட் சோ மச் டு மீ. ஐ ஹோப் ஐ கேன் ரீபே யூ சம்டே."

ஒரு வரியக் கூட விடல, கடைசில நன்றிகள்னு மட்டும்தான் நானா சேத்தேன். எங்க தப்பு பண்ணேன்?

கடல்காத்து:
சிம்பிள்ங்க. நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ள நன்றியே சொல்ல மாட்டோம். நன்றின்னு சொன்னாலே அந்நியம் ஆயிடும். அந்த வார்த்தைய தூக்கிட்டா சரியாயிடும்.

பழையபேனா:
கடல்காத்து சொல்றதுல பாதி உண்மை இருக்கு, ஆனா இந்த லெட்டர்ல புண்படுத்துனது நன்றிங்கற வார்த்தை இல்ல. அத எடுத்துட்டு மிச்சத்த மட்டும் படிச்சுப் பாருங்க, அம்மாவுக்கு அதே வலிதான் இருக்கும். நான் ரொம்ப வருஷமா மொழிபெயர்ப்பு வேலை பாக்குறேன், இந்த மாதிரி கடிதங்க நிறைய கையில வந்திருக்கு, பெரும்பாலும் ஒரே இடத்துலதான் உடையும்.

அந்த இடம் "அவசியமே இல்லை". இங்கிலீஷ்ல "யூ டிட்ன்ட் ஹேவ் டு"ன்னா உங்களுக்குக் கடமை இல்ல, அன்பால செஞ்சீங்கன்னு அர்த்தம், அந்த ரெண்டாவது பாதிய சொல்லாமலே கேக்குறவங்க புரிஞ்சுக்குவாங்க. தமிழ்ல அந்த ரெண்டாவது பாதி தானா வராது. "நீங்க செய்ய வேண்டிய அவசியமே இல்ல"ன்னு நாம எப்போ சொல்றோம்? ஒருத்தர் தேவையில்லாம தலையிட்டப்போ. அதுலயும் "அவசியமே"ல இருக்கற அந்த ஏகாரம் இன்னும் குத்தும். உங்க அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி, அவங்க தமிழ சரியாத்தான் படிச்சிருக்காங்க.

அப்ப அந்தக் கருத்த எப்படிச் சொல்றது? நம்ம மொழில அதுக்கு ஒரு வழி ஏற்கனவே இருக்கு. "தன் உடம்பப் பாக்காம", "தூக்கம் முழிச்சு", "கேக்காமலே". கடமை இல்லங்கறத இல்லன்னு சொல்லாம, எதப் பொருட்படுத்தாம செஞ்சாங்கன்னு சொல்லிட்டாப் போதும். அப்படிச் சொன்னா அதே அர்த்தம் வந்துடும், உள்ள இருக்கற சூடும் அப்படியே நிக்கும்.

அடுத்தது "பாராட்டுகிறேன்". பாராட்டு மேல இருந்து கீழ வர்ற சொல். வாத்தியார் பையனப் பாராட்டலாம், மேனேஜர் வேலை செஞ்சவங்களப் பாராட்டலாம். மருமக மாமியார் செஞ்சதப் பாராட்டினா மார்க் போடுற மாதிரி ஆயிடும். "அப்ரிஷியேட்"டுக்கு அகராதில அந்தச் சொல்லும் இருக்கும், அதனால நிறைய பேர் அதப் போட்டுடுறாங்க.

ரெண்டாம்வரி:
நான் எப்பவும் ஒரு டெஸ்ட் பண்ணுவேன், தமிழ்ல எழுதுனத வேற யார்கிட்டயாவது கொடுத்து திரும்ப இங்கிலீஷ்ல மாத்தச் சொல்லுவேன், ஒரிஜினலோட ஒத்துப் போச்சுன்னா சரின்னு விட்டுடுவேன். இளையவள் இதப் பண்ணியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?

பழையபேனா:
இதுல அது மாட்டாதுங்க ரெண்டாம்வரி. "அவசியமே இல்லை"ய யார்கிட்ட கொடுத்தாலும் திரும்ப "யூ டிட்ன்ட் ஹேவ் டு"ன்னுதான் வரும், கச்சிதமா ஒத்துப் போகும், நீங்களும் சரின்னு அனுப்பிடுவீங்க. தேதி, எண்ணிக்கை, விட்டுப்போன வரி இதெல்லாம் கண்டுபிடிக்க உங்க முறை நல்ல முறை. தொனிக்கு வேற மாதிரி பாக்கணும். இங்கிலீஷ் மூலத்தப் பாக்காத ஒருத்தர்கிட்ட தமிழ மட்டும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டி, "இத எழுதுனவங்க யார்கிட்ட எழுதுறாங்க, என்ன மனநிலைல எழுதுறாங்க"ன்னு கேளுங்க. இளையவளோட லெட்டர அப்படிக் கேட்டிருந்தா "ஏதோ ஆபீஸ் கடிதம்"னு சொல்லியிருப்பாங்க.

நடுவழி:
எனக்கும் இதே பிரச்சனை! மெயில்ல "தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்"னு வர்றத "முன்கூட்டியே நன்றி"ன்னு போடுறேன், படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. அதுக்கு என்ன போடலாம்?

பழையபேனா:
நடுவழி, அது வேற கேஸ். "செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன், நன்றி"ன்னு முடிச்சா போதும். ஆபீஸ் கடிதத்துல, முன்பின் தெரியாதவங்ககிட்ட நன்றிங்கற சொல் கட்டாயம் வேணும். கடல்காத்து சொன்னத அங்க கொண்டு போயிடாதீங்க.

இளையவள்:
ரொம்ப சரியா சொல்றீங்க, படிக்கப் படிக்க எனக்கு உறைக்குது. "கடனைத் திருப்பிச் செலுத்துவேன்"னு எழுதுனதும் தப்புதானா? நன்றிக்கடன்னு ஒரு சொல்லே இருக்கே.

பழையபேனா:
நன்றிக்கடன்ங்கறது நல்ல சொல்தான், ஆனா அந்தக் கடன திருப்பித் தந்துடுறேன்னு சொன்னா கணக்க முடிச்சுக்கலாம்னு காதுல விழும். இங்கிலீஷ்ல "ரீபே பண்ண முடியும்னு நம்புறேன்" அடக்கமான பேச்சு. தமிழ்ல அடக்கம் எதிர்ப்பக்கமா போகும், "இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்", "எத்தனை செஞ்சாலும் ஈடாகாது". முடியாதுன்னு ஒத்துக்கறதுதான் நம்ம மரியாதை.

இன்னொண்ணு. திருக்குறள்ல செய்ந்நன்றி அறிதல்னு 11வது அதிகாரம் இருக்குல்ல, அங்க நன்றின்னா தேங்க்ஸ் இல்ல, ஒருத்தர் செஞ்ச நல்லதுதான் நன்றி, அத மறக்காம இருக்கறதுதான் நம்ம வேலை. இன்னைக்கும் பெரியவங்க மனசுல அந்தக் கணக்குதான் ஓடுது. அதனால மொத்தமா "எவ்ரிதிங் யூ டிட்"னு சொல்றத விட, செஞ்ச ஒரு காரியத்த பேர் சொல்லி ஞாபகம் வச்சிருக்கேன்னு காட்டினாதான் அவங்களுக்கு நன்றி சொன்னதா படும். "அனைத்து உதவிகளையும்"னு எழுதுனதுல ஒண்ணு கூட தெரியல, உதவின்னு சொன்னதுல அவங்க வெளியாளும் ஆயிட்டாங்க. அண்ணிக்கு போன் போட்டு, அந்த 6 வாரத்துல எது மனசுல நிக்குதுன்னு கேளுங்க.

இன்னொரு கேள்வி, இங்கிலீஷ்ல "மாம்"னு இருக்கு, நீங்க ஏன் அத்தைன்னு போட்டீங்க? அண்ணி நேர்ல எப்படிக் கூப்பிடுவாங்க?

இளையவள்:
அம்மான்னுதான் கூப்பிடுவாங்க, எங்களப் பாத்து பழகிட்டாங்க. மருமகள்னா அத்தைன்னுதானே எழுதணும்னு நானா மாத்திட்டேன்.

அண்ணிகிட்ட இப்பதான் பேசினேன். கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு 12 அடியாம். அம்மா இடுப்பப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடிக்கும் "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணுவாங்களாம், அண்ணிக்கு தமிழ்ல பன்னெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும் இப்ப. ராத்திரி வலி வந்தா கூப்பிடாமலே எழுந்து வந்து பக்கத்துல உக்காந்துக்குவாங்களாம், அம்மாவுக்கே முட்டி வலி இருக்கு. இதெல்லாம் லெட்டர்ல ஏன் எழுதலன்னு கேட்டேன், "எல்லாத்துக்கும் சேத்துதான் எவ்ரிதிங்னு எழுதுனேன்"னு சொல்றாங்க.

பழையபேனா:
இதான் லெட்டர். அண்ணி சொன்னத அண்ணி வாயாலயே வர்ற மாதிரி எழுதலாம்:

"அம்மா, உங்க முட்டி வலியையும் பாக்காம ராத்திரியெல்லாம் என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நான் கூப்பிட்டதே இல்ல, நீங்களே எழுந்து வந்துடுவீங்க. பாத்ரூமுக்கு பன்னெண்டு அடி. நீங்க எண்ணிக்கிட்டே என்னைக் கூட்டிட்டுப் போனது இன்னும் காதுல கேக்குது. இப்ப நான் தனியா நடக்குறேன், தமிழ்லதான் எண்ணுறேன். நீங்க கூட இருந்தது எனக்கு எவ்வளவு தெம்பா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னும் தெரியல."

"இட் மென்ட் சோ மச்"சத்தான் "தெம்பா இருந்துச்சு"ன்னு போட்டிருக்கேன். அர்த்தம் கொடுத்ததுன்னு யாரும் பேசுறதில்ல, அது அவங்களுக்குள்ள என்ன செஞ்சதோ அதச் சொல்லணும், தெம்பு, ஆறுதல், தைரியம், எது பொருந்துதோ அத அண்ணிகிட்டயே கேட்டுக்கோங்க. இந்த வரிங்கள அனுப்பறதுக்கு முன்னாடி அண்ணிக்கும் இங்கிலீஷ்ல சொல்லிடுங்க, அவங்க பேர்ல போற கடிதம், அவங்க சம்மதம் இல்லாம ஒரு சொல் கூட சேக்கக் கூடாது.

ரெண்டாம்வரி:
நல்லா இருக்கு, ஆனா கடிதத்துல பேச்சுத் தமிழ் எனக்கு ஒட்டல. பெரியவங்களுக்கு எழுதறப்போ "உட்கார்ந்திருந்தீர்கள்"னு எழுதறதுதான் மரியாதைன்னு வளந்தவன் நான்.

பழையபேனா:
எழுத்துத் தமிழ்ல எழுதினாலும் கெட்டுப் போகாது, உள்ள இருக்கற சங்கதி சரியா இருந்தா. ஆனா "அத்தை அவர்களுக்கு"ன்னு ஆரம்பிச்சா விண்ணப்பம் மாதிரி ஆயிடும், அது மட்டும் வேண்டாம். இளையவள், அம்மா கடிதம் படிச்சுப் பழகுனவங்களா, போன்ல பேசிப் பழகுனவங்களான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

இளையவள்:
அண்ணிகிட்ட ஒவ்வொரு வரியா சொன்னேன், தெம்புங்கற சொல்லுக்கு அர்த்தம் சொன்னதும் "அதேதான்"னாங்க. அம்மாகிட்ட, முதல் லெட்டர்ல தப்பு என்னோடது, அண்ணி அப்படி எழுதலன்னு சொல்லிட்டு புதுசப் படிச்சுக் காட்டினேன். பன்னெண்டு அடி வந்ததும் "அத ஞாபகம் வச்சிருக்காளா"ன்னாங்க, குரல் மாறிடுச்சு. அண்ணிக்கு பதில் சொல்லச் சொன்னாங்க: "நன்றியெல்லாம் எதுக்கும்மா, நீ எனக்கு வேறயா?" இத இப்ப இங்கிலீஷ்ல மாத்தணும், பயமா இருக்கு.

கடல்காத்து:
"நோ நீட் டு தேங்க் மீ"ன்னு போடுங்க, முடிஞ்சது.

பழையபேனா:
அது வெட்டி விட்ட மாதிரி இருக்கும். கேள்வியா அப்படியே மாத்தினாலும் ஆபத்து, "ஒய் ஆர் யூ தேங்க்கிங் மீ"ன்னா கோவமான்னு அண்ணி பயப்படுவாங்க. நம்ம கேள்விக்கு உள்ள பதில் இருக்கு, இங்கிலீஷ்ல அந்தப் பதில எடுத்து வெளிய வைக்கணும். "யூ நெவர் நீட் டு தேங்க் மீ, டியர். யூ ஆர் மை ஓன்." "எதுக்கும்மா"ல வர்ற "ம்மா"வ விட்டுடாதீங்க, "டியர்" அதுக்காகத்தான். பக்கத்துல தமிழ் வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்க, அண்ணி எண்ணக் கத்துக்கிட்ட மாதிரி இதையும் சொல்லிப் பாப்பாங்க.

ரெண்டாம்வரி:
"மை ஓன்" விட "யூ ஆர் மை டாட்டர்" இன்னும் நெருக்கமா இருக்காதா?

பழையபேனா:
இருக்கும், ஆனா அம்மா மகள்னு சொல்லல. வேற இல்லன்னுதான் சொன்னாங்க. அது மகளுக்குக் கம்மியா அதிகமான்னு எனக்கே முடிவா சொல்ல முடியல.

இளையவள்:
அம்மாகிட்டயே கேட்டுட்டு வர்றேன்.