எத்தனையா, எவ்வளவா? 'ஃபியூவர்' - 'லெஸ்' வழக்கு

கயல்விழி:
இங்கிலாந்தில் செவிலியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பணி மாறும் நேரத்தில் "லெஸ் பேஷண்ட்ஸ் டுடே" என்றேன். மூத்த செவிலியர் "ஃபியூவர்" என்று திருத்தினார். ஆனால் வீட்டருகே இருக்கும் கடையின் விரைவு வரிசைப் பலகையில் "10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" என்றே எழுதியிருக்கிறார்கள். யார் சொல்வது சரி? 'மெனி', 'மச்' இரண்டிலும் எனக்கு இதே குழப்பம். மறக்காத மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

நெடுஞ்செழியன்:
எண்ண முடிந்தால் 'ஃபியூவர்', 'மெனி'. எண்ண முடியாவிட்டால் 'லெஸ்', 'மச்'. நோயாளிகளை எண்ணலாம், வலியை எண்ண முடியாது. கடையில் வாங்கும் பொருள்களை எண்ணலாம், ஆகவே அந்தப் பலகை பிழையானது. இதற்கு மேல் விவாதிக்க எதுவும் இல்லை.

தாமரைச்செல்வி:
பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் இதைத் தமிழை வைத்தே புரியவைப்பேன். நம்மிடம் 'எத்தனை', 'எவ்வளவு' என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை மாத்திரை? எவ்வளவு மருந்து? எத்தனை கரண்டி? எவ்வளவு சாம்பார்? எத்தனை வந்தால் 'மெனி'யும் 'ஃபியூவ'ரும், எவ்வளவு வந்தால் 'மச்'சும் 'லெஸ்'ஸும். வேறு மொழிக்காரர்கள் மனப்பாடம் செய்து கற்பதை நாம் குழந்தைப் பருவத்திலேயே கற்றுவிடுகிறோம். அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

பாலமுருகன்:
என் மகன் தேர்வில் 'ஃபியூ' என்று எழுதினான். 'எ ஃபியூ' என்று எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் 'சில' என்றுதானே பொருள்? இந்தப் பள்ளிகள் எதை வைத்துத் திருத்துகின்றன?

தாமரைச்செல்வி:
ஐயா, அது வேறு கேள்வி. 'எ ஃபியூ' என்றால் சிலர் இருக்கிறார்கள். வெறும் 'ஃபியூ' என்றால் அநேகமாக யாருமில்லை. "சிலர் வந்தார்கள்", "வந்தவர் மிகச் சிலரே" என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான். மதிப்பெண் குறைத்தது சரியா என்பதை உங்கள் மகன் எழுதிய வாக்கியத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

வேலாயுதம்:
ஆங்கில நாளிதழ் ஒன்றில் 22 ஆண்டுகள் பிரதி திருத்தியவன் நான். தாமரைச்செல்வி அம்மாவின் வழி நல்ல வழி, ஆனால் அது வழுக்கும் இடங்கள் உண்டு. கயல்விழியின் பணியையே எடுத்துக்கொள்வோம்.

"இந்த வார்டில் பத்துக்கும் குறைவான நோயாளிகள்" என்றால் 'ஃபியூவர் தேன் டென்'. "நோயாளியின் எடை 50 கிலோவுக்கும் குறைவு" என்றால் 'லெஸ் தேன் 50 கிலோஸ்'. இங்கே நெடுஞ்செழியனின் விதி உடைகிறது. கிலோவை எண்ணலாம். "எத்தனை கிலோ?" என்று நாமும் கேட்கிறோம், ஆங்கிலத்திலும் 'ஹவ் மெனி கிலோஸ்' என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் 'ஃபியூவர் தேன் 50 கிலோஸ்' என்று எழுதினால் வாசிப்பவருக்கு உறுத்தும்.

ஏனென்றால் எடை 49.6 ஆகவும் இருக்கலாம். அங்கே பேசப்படுவது ஐம்பது தனித்தனிக் கிலோக்களைப் பற்றியல்ல, ஒரே எடையைப் பற்றி. நோயாளிகள் ஒன்பதரைப் பேர் இருக்க முடியாது. இரண்டு லிட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் குடித்தார், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினார், இருபது பவுண்டுக்கும் குறைவாகச் செலவானது, எல்லாம் 'லெஸ்'தான். 'அரை' நுழையக்கூடிய அளவா என்று கேட்டுப் பாருங்கள். நுழைந்தால் பெரும்பாலும் 'லெஸ்'.

நெடுஞ்செழியன்:
'மெனி' வரும் இடத்தில் 'ஃபியூவர்' வராது என்கிறீர்களா? அப்படியானால் இரண்டு ஜோடிகளையும் சேர்த்துக் கற்பிப்பதே தவறா?

வேலாயுதம்:
சேர்த்துக் கற்பிக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று நிழல் என்று சொல்லக்கூடாது. 'மெனி'யா 'மச்'சா என்பதைப் பெயர்ச்சொல்லின் வடிவம் முடிவு செய்கிறது. பன்மையில் இருந்தால் 'மெனி', அவ்வளவுதான். 'லெஸ்' அப்படி இல்லை, பேசுபவர் மனத்தில் அது எண்ணிக்கையா அளவா என்பதைப் பார்க்கிறது. அதனால்தான் 'மச் பேஷண்ட்ஸ்' என்று ஆங்கிலேயர் யாரும் சொல்வதில்லை, 'லெஸ் பேஷண்ட்ஸ்' என்று அவர்களிலேயே பலர் சொல்கிறார்கள்.

அது இன்று வந்த சீரழிவும் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசரின் எழுத்திலேயே சொற்களுக்கு 'லெஸ்' வந்திருக்கிறது. அக்காலத்தில் அது "சொற்களில் குறைவு" என்ற வேற்றுமை அமைப்பு. பிறகு உருபு தேய்ந்துபோக, 'லெஸ்' நேராகப் பன்மைச் சொல்லை ஒட்டி நின்றுவிட்டது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் நூறு என்னும் எண்ணுக்கு 'ஃபியூவர்' தனக்கு அழகாகவும் பொருத்தமாகவும் படுகிறது என்று எழுதினார். தன் விருப்பமாகத்தான் சொன்னார். பின்வந்தவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள்.

நெடுஞ்செழியன்:
அரசர் எழுதினால் பிழை சரியாகிவிடுமா? தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் 'லெஸ் ஸ்டூடண்ட்ஸ்' என்று எழுதும் பிள்ளைக்கு உங்கள் வரலாறு உதவாது. அந்தப் பலகை பிழை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2008இல் டெஸ்கோ கடைகளே அந்த வாசகத்தைக் கைவிட்டு "அப் டு 10 ஐட்டம்ஸ்" என்று மாற்ற முடிவு செய்தன.

வேலாயுதம்:
மாற்றியது உண்மை. எளிய ஆங்கிலத்துக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு பரிந்துரைத்த வாசகம் அது. ஆனால் அவர்கள் 'ஃபியூவர்' என்று திருத்தவில்லை, இரண்டு சொல்லையும் தவிர்க்கும் வழியைத் தேர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தேர்வில் 'ஃபியூவர்' என்றே எழுத வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பலகையைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

சுடர்மதி (யாழ்ப்பாணம், இப்போது டொரொண்டோ):
எனக்கு விதியைவிடச் சொற்களே தடுக்கின. தமிழில் "எத்தனை சாமான்?" என்று கேட்டுப் பழகிவிட்டு, விமான நிலையத்தில் 'ஹவ் மெனி லக்கேஜஸ்' என்றேன். அங்கே 'லக்கேஜ்' பன்மை ஏற்காது. 'ஹவ் மச் லக்கேஜ்' அல்லது 'ஹவ் மெனி பேக்ஸ்' என்று கேட்க வேண்டும். 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மெண்ட்', 'நியூஸ்' எல்லாம் இப்படித்தான். நாம் இரண்டு அறிவுரை, நான்கு செய்தி என்று எண்ணுகிறோம், அவர்கள் அதை அரிசிபோல் குவியலாகப் பார்க்கிறார்கள். தாமரைச்செல்வி அக்கா, இங்கே உங்கள் எத்தனை-எவ்வளவு ஏமாற்றிவிடும்.

தாமரைச்செல்வி:
ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் இந்தச் சொற்களைத் தனியே எழுதிப் போடுவேன், இங்கே சொல்ல விட்டுவிட்டேன். பணமும் அப்படியே. நாணயம் குறைந்தால் 'ஃபியூவர் காயின்ஸ்', பணம் குறைந்தால் 'லெஸ் மணி'. தலைமுடி உதிர்ந்தவருக்கு 'லெஸ் ஹேர்', சீப்பில் சிக்கியதை ஒவ்வொன்றாக எண்ணினால் மட்டும் 'ஃபியூவர் ஹேர்ஸ்'.

கயல்விழி:
நேற்றுக் குறிப்பில் எழுதியதை நானே சோதித்துப் பார்க்கிறேன். வலி குறைவு, 'லெஸ் பெயின்'. மாத்திரை குறைத்தோம், 'ஃபியூவர் டேப்லெட்ஸ்'. நாள் முழுவதும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்தார், 'லெஸ்'. ஆனால் "அவருக்கு அதிக வலி" என்பதற்கு 'ஷி ஹேஸ் மச் பெயின்' என்று எழுதியதையும் திருத்திவிட்டார்கள். ஏன்?

வேலாயுதம்:
இலக்கணப் பிழை இல்லை, பேச்சு வழக்கு இல்லை. 'மச்' கேள்வியிலும் மறுப்பிலும் இயல்பாக உட்காரும். உடன்பாட்டு வாக்கியத்தில் 'எ லாட் ஆஃப் பெயின்' என்றுதான் வார்டில் சொல்வார்கள். 'டூ மச்', 'சோ மச்' என்றால் எங்கும் வரலாம்.

நெடுஞ்செழியன்:
எடைக்கு 'லெஸ்' என்பதை ஏற்கிறேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. "பத்து விழுக்காட்டுக்கும் குறைவான மாணவர்கள்" என்றால்? மாணவர்களை எண்ணலாம். விழுக்காட்டில் 'அரை'யும் நுழையும்.

வேலாயுதம்:
நான் 'லெஸ்' போடுவேன். என் பக்கத்து மேசையில் இருந்தவர் கடைசி நாள்வரை அதை அடித்து 'ஃபியூவர்' என்று எழுதினார்.

நெடுஞ்செழியன்:
நானும் அடித்திருப்பேன்.